"நிலைநிறுத்தப்பட்டது" என்னும் சொல்லும் நான்கு நாள் கழித்து வந்த செய்தியும்

ஆங்கிலத்தில் வெளியாகும் ஒரு செய்திக்குறிப்பு தமிழ் வாசகரை அடையும் முன் இருவர் கைப்படுகிறது. ஒருவர் அதை மொழிபெயர்க்கிறார். மற்றவர் அந்த மொழிபெயர்ப்பைச் செய்தியாகச் செப்பனிடுகிறார். நம் பல்கலைக்கழகத் துறைகளில் முதலாமவரின் பணி குறித்து ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. இரண்டாமவரின் பணியோ "மெய்ப்புப் பார்த்தல்" என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. ஒற்றுப்பிழை நீக்குவதும் நீண்ட தொடரை உடைப்பதுமே அவர் வேலை என்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் தவறானது என்பதைத் திருப்பதி மாவட்டத்திலிருந்து கிடைக்கும் ஓர் உண்மை நிகழ்வைக் கொண்டு விளக்க முயல்கிறேன். மொழிபெயர்ப்புத் தாளில் தேர்வெழுதும் மாணவர்களும் அத்தாளை மதிப்பிடும் ஆசிரியர்களும் இதை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

நிகழ்வு இது. 2025 ஜனவரி 29 அன்று காலை 6.23 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுதளத்திலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்15 ஏவுகலம் புறப்பட்டது. அது சுமந்து சென்றது 2,250 கிலோ எடையுள்ள என்விஎஸ்-02 என்னும் வழிகாட்டுச் செயற்கைக்கோள். ஏறத்தாழ 19 நிமிடங்களில் செயற்கைக்கோள் ஏவுகலத்திலிருந்து பிரிந்தது. திட்டமிட்ட பாதையில் அது துல்லியமாகச் செலுத்தப்பட்டதாக இஸ்ரோ அறிவித்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிகழ்ந்த 100-வது ஏவுதல் என்பதால் அன்றைய செய்தியில் பெருமிதமும் சேர்ந்துகொண்டது.

நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 2 ஞாயிற்றுக்கிழமை, இஸ்ரோ தன் இணையதளத்தில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. அதன் செய்திகளை மூலத்தில் வந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஏவுதலுக்குப் பின் செயற்கைக்கோளின் சூரிய மின்தகடுகள் வெற்றிகரமாக விரிக்கப்பட்டன. மின் உற்பத்தி எதிர்பார்த்தபடி உள்ளது. தரைநிலையத்துடன் தொடர்பு ஏற்பட்டுள்ளது. ஆனால், செயற்கைக்கோளை அதற்குரிய இடத்திற்குக் கொண்டுசெல்வதற்கான சுற்றுப்பாதை உயர்த்தும் பணிகளை மேற்கொள்ள இயலவில்லை. அதற்கான உந்துபொறிகளை இயக்க ஆக்சிஜனேற்றியை உள்ளே விடும் வால்வுகள் திறக்கவில்லை. செயற்கைக்கோளின் அமைப்புகள் நலமாக உள்ளன. அது இப்போது நீள்வட்டப் பாதையில் உள்ளது. அப்பாதையிலேயே அதை வழிகாட்டலுக்குப் பயன்படுத்துவதற்கான மாற்று உத்திகள் வகுக்கப்பட்டு வருகின்றன.

இக்குறிப்பில் பொய் எதுவும் இல்லை, மறைக்கப்பட்டதும் இல்லை. ஆயினும், செய்தி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நல்லவை மூன்றும் முதலில் வந்துவிடுகின்றன. நடக்காமல் போன ஒன்று "ஆனால்" என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. நிறுவனங்கள் இவ்வாறுதான் எழுதும். பொறியாளர்கள் நிகழ்ந்த வரிசையில் அறிக்கை தருவதும் இயல்பே. இதை அப்படியே தமிழாக்கிப் பத்திரிகையில் இட்டால், தலைப்பு "என்விஎஸ்-02 செயற்கைக்கோளின் சூரிய மின்தகடுகள் வெற்றிகரமாக விரிந்தன" என்றுதான் அமையும். முதல் தொடரிலிருந்து தலைப்பை எடுப்பது செய்தி மேசைகளின் பழக்கம் அல்லவா? ஒவ்வொரு சொல்லும் சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தும் அத்தலைப்பு வாசகரைத் தவறான முடிவுக்கு அழைத்துச்செல்லும்.

இங்கே தொழில்நுட்பத்தைச் சிறிது விளக்கியாக வேண்டும். ஏவுகலத்தின் பொறுப்பு செயற்கைக்கோளை ஓர் இடைமாற்றுப் பாதையில் விடுவதோடு முடிகிறது. அது ஒரு முனையில் புவிக்கு மிக நெருக்கமாகவும் மறுமுனையில் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் தொலைவிலும் செல்லும் நீண்ட வட்டம். அங்கிருந்து செயற்கைக்கோள் தன் சொந்தப் பொறியைப் பலமுறை இயக்கி, தாழ்ந்த முனையை மெல்ல உயர்த்தி, உரிய இடத்தை அடைய வேண்டும். விண்வெளியில் காற்றில்லை. ஆகவே எரிபொருளோடு அதை எரிக்கும் ஆக்சிஜனேற்றியையும் செயற்கைக்கோளே சுமந்து செல்கிறது. அது உள்ளே வரும் வழி திறக்காவிட்டால் பொறி இயங்காது. பொறி இயங்காவிட்டால் பாதை உயராது. வழிகாட்டுச் செயற்கைக்கோளின் பயனோ அது இந்திய வானில் உரிய இடத்தில் தொடர்ந்து நிற்பதைப் பொறுத்தது. ஆக, அந்தக் குறிப்பின் உயிர் வால்வைப் பற்றிய ஒற்றைத் தொடரில் இருக்கிறது.

இதை அறிந்தவர் பிப்ரவரி 2 குறிப்பின் தமிழ் வடிவத்தைக் கையில் எடுக்கும்போது முதலில் செய்ய வேண்டியது வரிசையை மாற்றுவது. "மூலத்தின் வரிசையை மாற்றுவது மொழிபெயர்ப்பு நேர்மைக்கு முரணல்லவா?" என்று கேட்பவர் உண்டு. இலக்கிய மொழிபெயர்ப்பில் அக்கேள்விக்கு இடமுண்டு. செய்திக்குறிப்போ செய்தியின் மூலப்பொருள். ஆங்கில நாளிதழ் ஒன்று அதே குறிப்பைப் பெற்றால் அதன் வரிசையில் அச்சிடுவதில்லை. வால்வைத்தான் மேலே கொண்டுவரும். தமிழுக்கு வந்தவுடன் மட்டும் அக்குறிப்பு தொடக்கூடாத மூலமாகிவிடுவது ஏன்? மொழிபெயர்ப்பு என்ற ஒரு கூடுதல் படி, செய்தி ஆசிரியரின் உரிமையைப் பறித்துக்கொள்வதை நாம் உணர்வதில்லை.

இரண்டாவது, தலைப்பு. "என்விஎஸ்-02 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் உயர்த்த இயலவில்லை: இஸ்ரோ" என்பது என் பரிந்துரை. சில மாற்றுகளையும் ஏன் ஏற்க முடியாது என்பதையும் பார்ப்போம். "என்விஎஸ்-02 செயலிழந்தது" என்பது பிழை; மின்சாரம் உற்பத்தியாகிறது, தொடர்பும் இருக்கிறது. "100-வது ஏவுதல் தோல்வி" என்பதும் பிழை. ஏவுகலம் தன் பணியைச் சரியாக முடித்துவிட்டது, சிக்கல் செயற்கைக்கோளில் நேர்ந்தது. "செயற்கைக்கோள் வீணானது" என்பது குறிப்பு சொல்லாத முடிவு. மாற்று உத்தி வகுக்கப்படுவதாகவே குறிப்பு சொல்கிறது. "செயற்கைக்கோளில் சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்பது மறுபக்கப் பிழை. "சிறு" என்பதற்கு மூலத்தில் ஆதாரமில்லை. செய்தி மேசையில் இந்நான்கு தலைப்புகளும் சில நொடிகளில் தோன்றக்கூடியவை. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் ஒருவர் எதை நம்பிச் செல்வார் என்று கேட்டு, அந்த நம்பிக்கையை மூலக் குறிப்பின் எந்தத் தொடர் தாங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா எனப் பார்க்க வேண்டும். விரல் வைக்க இடமில்லாத தலைப்பு நீக்கப்பட வேண்டியது.

வேறோர் ஏவுதலோடு ஒப்பிட்டால் இந்த அளவுகோல் இன்னும் தெளிவாகும். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஏவப்பட்ட எஸ்எஸ்எல்வி-டி1, செயற்கைக்கோள்களை 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக 356-க்கு 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டப் பாதையில் விட்டது. அவை இனிப் பயன்படா என்று இஸ்ரோவே வெளிப்படையாகச் சொன்னது. அங்கே "செயற்கைக்கோள்கள் இனிப் பயன்படா" என்று தலைப்பிடுவதே துல்லியம். "பாதையில் சிறு விலகல்" என்று மென்மையாக்குவது பிழை. இரண்டு நிகழ்வுகளிலும் செயற்கைக்கோள் வேண்டிய பாதையில் இல்லை. எனினும் தலைப்பின் வலு வேறுபட வேண்டும், ஏனெனில் மூலத்தின் கூற்று வேறுபடுகிறது. வரிசை ஆசிரியரின் கையில் இருக்கிறது. கூற்றின் வலு அவர் கையில் இல்லை.

மூன்றாவது, முகப்புப் பத்தி. மொழிபெயர்ப்பாளரிடமிருந்து வரக்கூடிய வடிவம் ஒன்றைக் கற்பனையாக அமைத்துக் காட்டுகிறேன்:

"ஏவுதலைத் தொடர்ந்து செயற்கைக்கோளில் உள்ள சூரிய மின்தகடுகள் வெற்றிகரமாக விரிக்கப்பட்டு, மின் உற்பத்தி பெயரளவில் உள்ள நிலையில், தரைநிலையத்துடன் தொடர்பு ஏற்படுத்தப்பட்டுள்ளதாகவும், எனினும் சுற்றுப்பாதை உயர்த்தும் பணிகள் மேற்கொள்ளப்படவில்லை எனவும் தெரிவிக்கப்பட்டுள்ளது."

இலக்கணப் பிழை இதில் இல்லை. மெய்ப்பு மட்டும் பார்ப்பவர் ஓரிரு காற்புள்ளிகளைத் திருத்திவிட்டு அனுப்பிவிடுவார். ஆனால் மூன்று பெரும் பிழைகள் இதற்குள் இருக்கின்றன.

முதலாவது "பெயரளவில்". மூலத்தில் இருக்கும் ஆங்கிலச் சொல் "நாமினல்". அகராதியைத் திறந்தால் பெயரளவான, பெயருக்கு என்ற பொருள்களே முதலில் வரும். விண்வெளிப் பொறியாளர் வழக்கிலோ அச்சொல்லுக்குத் "திட்டமிட்டபடி, இயல்பாக" என்று பொருள். "மின் உற்பத்தி பெயரளவில் உள்ளது" என்று எழுதினால் மின்சாரம் ஏறக்குறைய இல்லை என்று வாசகர் புரிந்துகொள்வார். மூலம் சொல்வதற்கு நேர் எதிர். தமிழ்த் தொடர் மட்டும் கையில் இருக்கும் ஆசிரியரால் இப்பிழையைக் கண்டுபிடிக்கவே இயலாது, ஏனெனில் தமிழ்த் தொடர் தன்னளவில் பொருள் தருகிறது. கண்டுபிடிக்க ஒரே வழி, ஐயம் தரும் தொடரை அண்டைத் தொடர்களோடு பொருத்திப் பார்ப்பது. தகடுகள் வெற்றிகரமாக விரிந்தன, அமைப்புகள் நலமாக உள்ளன என்று சொல்லும் குறிப்பு, மின்சாரம் பெயருக்குத்தான் வருகிறது என்று சொல்லுமா? அந்த முரண் தோன்றியவுடன் ஆங்கில மூலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மூலம் இல்லாமல் மொழிபெயர்ப்பைச் செப்பனிட ஒப்புக்கொள்ளலாகாது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய சான்று.

இரண்டாவது "மேற்கொள்ளப்படவில்லை". மூலம் "மேற்கொள்ள இயலவில்லை" என்கிறது. முன்னது செய்யாமல் விட்டதைச் சொல்கிறது. நாளை செய்வார்கள் என்று வாசகர் எண்ணக்கூடும். பின்னது முயன்றும் முடியாமல் போனதைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் ஒரு துணைவினை சுமக்கும் இந்த வேறுபாடு தமிழ்ச் செயப்பாட்டுவினையில் கரைந்துபோவது மிக எளிது.

மூன்றாவது, காரணம் காணாமல் போனது. வால்வு, ஆக்சிஜனேற்றி போன்ற சொற்கள் வாசகருக்குக் கடினம் என்று கருதி மொழிபெயர்ப்பாளர் அத்தொடரைச் சுருக்கிவிடலாம். வாசகர் அறிய விரும்பும் "ஏன்" என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. கலைச்சொல்லை எளிமையாக்கலாமே ஒழிய நீக்கலாகாது.

செப்பனிட்ட பின் அப்பத்தி இவ்வாறு அமையலாம்:

"கடந்த 29-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட என்விஎஸ்-02 செயற்கைக்கோளை அதற்குரிய சுற்றுப்பாதைக்கு உயர்த்த இயலவில்லை என்று இஸ்ரோ ஞாயிற்றுக்கிழமை தெரிவித்தது. செயற்கைக்கோளின் பொறி எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனேற்றியை உள்ளே விடும் வால்வுகள் திறக்காததே காரணம் என்று அதன் இணையதளக் குறிப்பு கூறுகிறது. செயற்கைக்கோளின் பிற அமைப்புகள் நலமாக உள்ளதாகவும், இப்போதுள்ள நீள்வட்டப் பாதையிலேயே அதைப் பயன்படுத்தும் வழிகள் ஆராயப்படுவதாகவும் இஸ்ரோ தெரிவித்துள்ளது."

நடந்தது முதல் தொடரில், காரணம் இரண்டாவதில், நிறுவனத்தின் மறுபக்கம் மூன்றாவதில். தகடுகள் விரிந்த செய்தி அடுத்த பத்திக்குப் போகலாம். மூலத்தில் இருந்த உண்மை எதுவும் விடுபடவில்லை. இல்லாதது எதுவும் சேரவில்லை. "தெரிவிக்கப்பட்டுள்ளது" என்ற எழுவாயற்ற வினைக்குப் பதிலாகச் சொன்னவர் யார், எங்கே சொன்னார் என்பதும் வந்துவிட்டது.

இனி, இக்கட்டுரையின் தலைப்பில் உள்ள சொல்லுக்கு வருகிறேன். தமிழ் விண்வெளிச் செய்திகளை வாசித்துப் பழகியவர்களுக்கு "செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டது" என்ற தொடர் மனப்பாடம். ஏவுகலத்திலிருந்து பிரிந்த மறுநிமிடமே இத்தொடரை எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. நிலைநிறுத்துதல் என்றால் உரிய இடத்தில் அசையாது நிற்கச் செய்தல். ஜனவரி 29 அன்று நிகழ்ந்தது அதுவன்று. "திட்டமிட்ட பாதை" என்று அறிவிப்பு சொன்னது ஏவுகலத்துக்குத் திட்டமிட்ட பாதையை, அதாவது அந்த இடைமாற்றுப் பாதையை. ஆங்கிலத்தில் "உட்செலுத்தல்" என்ற பொருள் தரும் வினை, தமிழில் "நிலைநிறுத்தல்" ஆகும்போது, இனிமேல் நடக்க வேண்டிய பணி நடந்து முடிந்ததாகிவிடுகிறது. புதன்கிழமை "நிலைநிறுத்தப்பட்டது" என்று படித்த வாசகர் ஞாயிற்றுக்கிழமை "உரிய பாதைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை" என்று படித்தால் என்ன நினைப்பார்? இஸ்ரோ முதலில் பொய் சொன்னது என்றோ, நிலைநின்ற செயற்கைக்கோள் கீழே விழுந்துவிட்டது என்றோ நினைப்பார். இரண்டும் உண்மையல்ல. ஏவுதல் நாளன்று "இடைமாற்றுப் பாதையில் விடப்பட்டது, வரும் நாட்களில் படிப்படியாக உயர்த்தப்படும்" என்று எழுதியிருந்தால் பிப்ரவரி 2 செய்தி தானே புரிந்திருக்கும். வழக்கத்தால் கைக்கு வந்த ஒரு வினைச்சொல் அடுத்த செய்தியையும் சேர்த்துக் கெடுக்கிறது.

"100-வது" என்ற எண்ணுக்கும் இதே கவனம் தேவை. அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிகழ்ந்த பெரிய ஏவுகலங்களின் எண்ணிக்கை. 1979 ஆகஸ்ட் 10 அன்று புறப்பட்ட முதல் எஸ்எல்வி-3 முதல் எண்ணப்படுவது. ஜிஎஸ்எல்வி வகைக்கு அது 17-வது பயணம். தலைப்பில் இடம் போதாமல் "100-வது ஜிஎஸ்எல்வி" என்றோ "100-வது செயற்கைக்கோள்" என்றோ சுருக்கினால் வேறொரு கூற்று ஆகிவிடும். இடப்பெயரும் அவ்வாறே. ஸ்ரீஹரிகோட்டாவை நெல்லூர் மாவட்டத்தில் வைத்து எழுதுவது பழைய குறிப்புகளிலிருந்து தொடரும் பழக்கம். 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் சீரமைக்கப்பட்டபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியோடு நெல்லூரின் சூளூர்ப்பேட்டைப் பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் உருவாயிற்று. ஏவுதளம் அதில் அடங்குகிறது. சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ் வாசகருக்கு இது தம் மாவட்டச் செய்தி. அந்த அண்மையே இச்செய்திக்குக் கூடுதல் மதிப்பைத் தருகிறது. பழைய மாவட்டப் பெயர் அதைத் தட்டிப் பறித்துவிடுகிறது.

நான்காவது, மேற்கோள். இதற்கு வேறொரு நிகழ்வு துணை செய்யும். 2025 மே 18 அன்று காலை ஏவப்பட்ட பிஎஸ்எல்வி-சி61, இஓஎஸ்-09 என்னும் புவிநோக்குச் செயற்கைக்கோளோடு புறப்பட்டது. இரண்டாம் கட்டம் வரை செயல்பாடு இயல்பாக இருந்தது என்றும், மூன்றாம் கட்டத்தில் ஓர் "அப்சர்வேஷன்" காரணமாகத் திட்டத்தை நிறைவேற்ற இயலவில்லை என்றும் இஸ்ரோ அறிவித்தது. தலைவர் வி. நாராயணனும் அச்சொல்லையே பயன்படுத்தினார். திட எரிபொருள் மோட்டாரின் அறை அழுத்தம் குறைந்ததையும் குறிப்பிட்டு, ஆராய்ந்த பின் மீண்டும் தெரிவிப்பதாகக் கூறினார்.

அந்தச் சொல்லை என்ன செய்வது? "அவதானிப்பு காரணமாகத் திட்டம் நிறைவேறவில்லை" என்று எழுதினால் தமிழில் பொருளே இல்லை. யாரோ உற்றுப் பார்த்ததால் ராக்கெட் நின்றது போல் ஒலிக்கும். "கோளாறு காரணமாக" என்று மேற்கோள் குறிக்குள் எழுதினால் அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்தவராவோம். ஆராய்ச்சி முடியும் முன் காரணத்தைப் பெயரிடத் தயங்கும் பொறியாளரின் எச்சரிக்கை அந்த மழுப்பலான சொல்லில் இருக்கிறது. அதுவும் ஒரு தகவல்தான். என் கருத்தில், இதற்குத் தீர்வு மேற்கோள் குறியை எங்கே இடுவது என்பதில் உள்ளது. தலைப்பும் முகப்பும் ஆசிரியரின் சொந்தச் சொற்களில், நிகழ்ந்ததைத் தயங்காமல் சொல்லட்டும்: "பிஎஸ்எல்வி-சி61 இலக்கை எட்டவில்லை, மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்தது". தலைவர் கூற்றை மேற்கோள் குறியின்றி அயற்கூற்றாகத் தரட்டும்: மூன்றாம் கட்டம் இயங்கியபோது இயல்புக்கு மாறான ஒன்று கவனிக்கப்பட்டதாகவும், அதனை ஆராய்ந்து வருவதாகவும் அவர் கூறினார். அயற்கூற்று பொருளுக்குப் பொறுப்பேற்கிறது; மேற்கோள் குறி சொல்லுக்கே பொறுப்பேற்கிறது. மொழிபெயர்ப்பில் சொல்லுக்குப் பொறுப்பேற்க முடியாத இடத்தில் அக்குறியை எடுத்துவிடுவதே நேர்மை.

மேற்கோளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பிப்ரவரி 2 குறிப்பு ஒரு நிறுவனத்தின் எழுத்துக் குறிப்பு. அதில் எந்த மனிதரும் பேசவில்லை. ஆனால் செய்திக்கு ஒரு முகம் வேண்டும் என்ற ஆசையில், "இஸ்ரோ தலைவர் நாராயணன் கூறியதாவது" என்று தொடங்கி முழுக் குறிப்பையும் மேற்கோளாக்கிவிடுவது மேசைகளில் எளிதாக நடக்கக்கூடியது. பின்னாளில் அச்செய்தியைச் சான்றாகக் காட்டும் ஆய்வாளர், அவர் சொல்லாத சொற்களை அவர் பெயரில் பதிவு செய்வார். குறிப்பில் பேசியவர் இல்லையெனில் செய்தியிலும் பேசுபவர் இருக்கலாகாது.

திருப்பதிப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். இங்கே பல குறிப்புகள் ஆங்கிலத்திலிருந்து நேரே தமிழுக்கு வருவதில்லை. தெலுங்கு வழியாக வருகின்றன. இரு மொழிகளும் பகிர்ந்துகொள்ளும் வடசொற்கள் பார்வைக்கு ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருக்கின்றன. தெலுங்கில் "அவகாசம்" என்றால் வாய்ப்பு. தமிழில் தவணைக் காலம். தெலுங்கில் "அவசரம்" தேவை, தமிழில் விரைவு. தெலுங்கில் "அனுமானம்" ஐயம், தமிழில் உய்த்துணர்வு. ஆட்சியர் ஓரிடத்தைப் "பரிசீலித்தார்" என்று தெலுங்குக் குறிப்பு சொன்னால் அவர் நேரில் சென்று பார்வையிட்டார் என்று பொருள். அதையே தமிழில் வைத்தால் கோப்பு மேசையில் கிடக்கிறது என்று வாசகர் எண்ணுவார். "பிரமாதம்" பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே அது விபத்து. இவ்வகைச் சொல் மேற்கோளுக்குள் வரும்போது தீங்கு இரட்டிப்பாகிறது, ஏனெனில் மேற்கோளைத் தொடக்கூடாது என்ற நல்ல விதியே பிழைக்குக் காவலாகிவிடுகிறது. ஆங்கில மூலமும் தெலுங்கு வடிவமும் இருக்கும்போது தமிழ் ஆசிரியர் ஆங்கில மூலத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பேசியவர் தமிழர் என்றால், அவரே தமிழில் பேசிய பதிவு கிடைக்கிறதா என்றும் தேட வேண்டும். குமரி மாவட்டத்தவரான நாராயணனின் கூற்றை ஆங்கிலம், தெலுங்கு என்று இரு மொழிகள் சுற்றித் தமிழுக்குக் கொண்டுவந்து மேற்கோள் குறி இடுவதில் என்ன பொருள் இருக்க முடியும்?

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று செய்தி மேசையில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் சொன்னவற்றுள் நேரம் பிடிப்பது மூலத்தை அருகில் வைத்துக்கொள்வது ஒன்றே. ஆறு தொடர்கள் கொண்ட குறிப்பில் "ஆனால்" எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கும், தலைப்பின் வினைச்சொல்லை மூலத்தின் வினையோடு ஒப்பிடுவதற்கும், மேற்கோள் குறிக்குள் யார் பேசுகிறார் என்று கேட்பதற்கும் சில நிமிடங்கள் போதும். தோல்வியைத் தலைப்பாக்குவது நாட்டின் சாதனையைக் குறைப்பதாகும் என்ற இன்னொரு மறுப்பும் உண்டு. வால்வு திறக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியது இஸ்ரோவே. நிறுவனம் மறைக்காததைத் தமிழ் ஆசிரியர் மூன்றாம் பத்தியில் புதைப்பதால் யாருக்கும் பெருமை சேர்வதில்லை. தமிழ் வாசகருக்கு மட்டும் உண்மை தாமதமாகக் கிடைக்கிறது.

ஆகவே துறைகளுக்கு என் வேண்டுகோள் இது. மொழிபெயர்ப்புத் தாளில் ஒரு செய்திக்குறிப்பைக் கொடுத்துத் தொடருக்குத் தொடர் தமிழாக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அத்தமிழாக்கத்தையும் மூலத்தையும் சேர்த்துக் கொடுத்து, தலைப்பும் முகப்புப் பத்தியும் ஒரு கூற்றும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் மூலத்தின் எத்தொடரில் நிற்கிறது என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் அருகருகே கற்பிக்கப்படும் அத்தகைய வளாகங்களை விட இப்பயிற்சிக்கு ஏற்ற இடம் வேறில்லை. பிப்ரவரி 2 குறிப்பையே முதல் வினாவாக வைக்கலாம். எத்தனை விடைத்தாள்கள் வால்விலிருந்து தொடங்குகின்றன, எத்தனை சூரிய மின்தகட்டிலிருந்து தொடங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தால், நாம் எதைக் கற்பித்து வருகிறோம் என்பது தெரிந்துவிடும்.